செம்மறிக்கு மருந்துக் குளியலா, தெளிப்பா? இரண்டு பட்டிகளின் கணக்கு

போன ஆவணிக் கடைசியில் ஒரு பெட்டை ஆட்டின் காதைப் புரட்டிப் பார்த்தேன். உள்மடலில் துவரம்பருப்பு அளவில் ஊதிப்போன உண்ணிகள் நான்கு, அவற்றைச் சுற்றி எள்ளு மாதிரி தட்டையாகப் பத்துப் பதினைந்து. வாலைத் தூக்கினால் அங்கேயும் அதே காட்சி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்புக்குப் பதில் வெளிறிய ரோஜா நிறம். மழை பெய்து, வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தழைத்தால் கூடவே உண்ணியும் வரும் என்பது தாராபுரம் பக்கம் ஆடு வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் அப்போது இருந்தவை மேச்சேரி ஆடுகள்: பெரியவை 42, பால் மறந்த குட்டிகள் 20, இன்னும் பால் குடிக்கும் குட்டிகள் சில.

அதே வாரம் பல்லடம் பக்கம் இருக்கும் என் மச்சானும் கூப்பிட்டார். அவரிடம் 240 குரும்பை ஆடுகள். "ஆடு கிளுவை வேலியில ஒரசிக்கிட்டே நிக்குதுங்க மாமா, கம்பளி கொத்துக் கொத்தா உதிருது. உங்களுக்கு என்ன மருந்து சொன்னாங்களோ அதையே நானும் அடிச்சுடட்டுங்களா?" என்றார். வேண்டாம், நேரில் வருகிறேன் என்று சொன்னேன். அவர் ஆட்டில் இருப்பது என்ன பூச்சி என்று தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அவருடைய ஆட்டுக்குக் கம்பளி உண்டு, என்னுடையதற்கு இல்லை. இந்த ஒரு வேறுபாடே பாதி முடிவை மாற்றிவிடும்.

முதலில் பூச்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்

மச்சான் பட்டியில் பத்து ஆடுகளைப் பிடித்தோம். ஒவ்வொன்றிலும் கழுத்துப் பக்கம், தோள், விலா, தொடை என்று பல இடங்களில் கம்பளியைத் தோல் தெரியும்வரை இரண்டு கையாலும் பிரித்து வெயிலில் காட்டினோம். தோலோடு ஒட்டி, எள்ளில் பாதிகூட இல்லாத வெளிறிய பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் உள்ளே நகர்ந்தன. கம்பளி இழைகளின் அடியில் ஈறு. பேன்தான். உண்ணி ஒன்றிரண்டு காதில் இருந்தது, பெரிதாக இல்லை.

இன்னொன்றையும் அவர் கேட்டார். கெட் என்று ஒரு பூச்சியைக் காணொளியில் பார்த்தாராம். அது இறக்கையில்லாத ஒரு வகை ஈ. அரை சென்டிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், தோல் போன்ற தடித்த உடல், ஆறு கால். உண்ணி என்று பலர் தவறாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், அது கடித்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கெட் கம்பளிக்குள் ஓடும். அது குளிர் நாட்டுப் பூச்சி. வெப்ப மண்டலத்தில் மேட்டு நிலங்களில்தான் தங்கும் என்பதால் கொங்குச் சமவெளியில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. குளிர்ந்த மலைப்பகுதியில் கம்பளி ஆடு வளர்ப்பவர்கள் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பூச்சி எது என்பதைப் பொறுத்தே அதை எங்கே தாக்குவது என்பதும் இருக்கிறது. பேனும் கெட்டும் தங்கள் வாழ்நாள் முழுவதையும் ஆட்டின் மேலேயே கழிக்கின்றன. ஆகவே பட்டியில் உள்ள அத்தனை ஆட்டையும் ஒரே நாளில், தோல் வரை நனைத்து, அடுத்த தலைமுறை பொரித்து வெளியே வந்ததும் மறுமுறையும் செய்தால் அடியோடு ஒழிக்க முடியும். பேனின் ஈறு சுமார் பத்து நாளில் பொரிக்கும். மருந்து ஈற்றைக் கொல்லாது என்பதால் 14 நாள் கழித்து மறுமுறை. கெட்டின் கூட்டுப்புழு கம்பளியில் ஒட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் கிடக்கும். அங்கே மறுமுறையை நான்கு வாரம் தள்ளிச் செய்ய வேண்டும். உண்ணி இவற்றைப் போலில்லை. நாம் ஆட்டில் பார்ப்பது அதன் கூட்டத்தில் சின்னப் பங்குதான். மீதி புல்லிலும், கல்கட்டின் இடுக்கிலும், வேலியடிச் சருகிலும் மாதக் கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும். ஒரு தடவை மருந்து போட்டு உண்ணியை முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குளியலா, தெளிப்பா

மேச்சேரிக்கு ரோமம் குட்டை, தோலோடு ஒட்டியது. கைத்தெளிப்பானில் ரோமத்துக்கு எதிர்த்திசையில் அடித்தால் மருந்து நேராகத் தோலில் இறங்கும். ஒரு பெரிய ஆடு நன்றாக நனைய 2 லிட்டர், குட்டிக்கு 1 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஆக 42 ஆட்டுக்கு 84, 20 குட்டிக்கு 20, மொத்தம் 104 லிட்டர். 15 லிட்டர் வரை நிரப்பினால் ஏழு டேங்க். இரண்டு பேர் ஒரு காலையில் முடித்துவிடலாம். கடைசி டேங்கைத் தேவைக்கு மட்டும் கலந்தால் வீணாகும் மருந்து கிட்டத்தட்ட இல்லை. தெளிப்பின் பெரிய நன்மையே இதுதான் என்று நினைக்கிறேன். கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

தெளிப்பின் குறை, அடிப்பவரின் பொறுமையைப் பொறுத்தே பலன் இருக்கும் என்பது. முதுகு நனைந்து சொட்டும்போது வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் உண்ணி முதுகில் இருக்காது. காதுக்குள், கண்ணைச் சுற்றி, முன்தொடைச் சந்தில், மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலுக்கு அடியில், குளம்புக்கு இடையில் இருக்கும். நான் செய்வது இப்படி: ஒருவர் ஆட்டைப் பிடித்து உட்கார வைக்க, முதலில் வயிறும் நான்கு சந்துகளும், பிறகு வால், பிறகு பக்கங்கள், முதுகு கடைசி. தலைக்குத் தெளிப்பானைக் கொண்டுபோவதில்லை. அதே கலவையில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணில் படாமல் முகத்தையும் காதின் உள்மடலையும் துடைப்பேன்.

மச்சானின் குரும்பைக்கு இந்த முறை சரிப்படாது. இரண்டு விரற்கடைக் கம்பளியின் மேல் தெளித்தால், கம்பளியின் கொழுப்பில் மேலாக வழிந்து கீழே சொட்டிவிடும். பிரித்துப் பார்த்தால் தோல் காய்ந்தபடியே இருக்கும். ஆட்டுக்கு நான்கு லிட்டர் வீதம் கைத்தெளிப்பானில் அடிப்பதென்றால் 960 லிட்டர், 64 டேங்க். அவ்வளவு அடித்தும் தோல் நனைந்ததா என்று உறுதி சொல்ல முடியாது. பேன் இருப்பதோ தோலில். அங்கே முக்கி எடுப்பதுதான் வழி. ஆட்டை அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை தொட்டியில் நீந்த விட்டு, தலையை இரண்டு முறை சட்டென்று அமுக்கி எடுத்தால் காது உட்பட எல்லா இடமும் நனையும். அடிப்பவர் சலித்துப்போனாலும் ஆடு நனையாமல் தப்ப முடியாது.

குளியலுக்கும் விலை உண்டு. தொட்டி நிரம்ப மருந்து வாங்க வேண்டும். முழு நிறைச் சினை ஆடுகளைத் தள்ளி இறக்கினால் குட்டி விழும் ஆபத்து உண்டு. கத்தரித்த காயம் ஆறாத ஆட்டுக்கு மருந்து காயம் வழியே உள்ளே போகும். வேலை முடிந்தபின் ஆயிரம் லிட்டருக்கு மேல் நச்சுத் தண்ணீர் கையில் நிற்கும். ஆகவே அவர் முதலில் கம்பளியைக் கத்தரித்து, இரண்டு வாரம் கழித்துக் காயமெல்லாம் ஆறிய பிறகு குளிப்பாட்டுவது என்று முடிவு செய்தோம். கம்பளி குறைந்திருந்தால் மருந்தும் குறைவாகவே செலவாகும். மாதம் நெருங்கிய சினை ஆடுகள் பதினொன்றையும் தொட்டியில் இறக்கவில்லை. கத்தரித்து விட்டதால் அவற்றுக்கு மட்டும் நின்ற இடத்திலேயே பொறுமையாகத் தெளித்தோம். பேனைப் பொறுத்தவரை ஒரு ஆட்டை விட்டுவிட்டாலும் முழுப் பட்டிக்கும் திரும்ப வந்துவிடும்.

முதுகில் ஊற்றும் மருந்தும், ஊசியும் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஃப்ளூமெத்ரின் 1 சதவீதம் 10 கிலோவுக்கு 1 மி.லி. என்று மாடுகளின் முதுகில் ஊற்றுவது வழக்கம். குட்டை ரோமத்தில் அது பரவும், அடர்ந்த கம்பளியில் பரவுவது சந்தேகம். ஐவர்மெக்டின் ஊசி இரத்தம் உறிஞ்சும் பேனையும் சொறிப் பூச்சியையும் பிடிக்கும். தோலின் செதிலைத் தின்னும் கடிக்கும் பேனுக்கு அது சரியாகப் போய்ச் சேராது, உண்ணிக்கும் முழுமையாகக் கேட்காது. அதோடு குடற்புழு நீக்கத்துக்கு நமக்கு இருக்கும் நல்ல மருந்துகளில் அது ஒன்று. உண்ணிக்காகத் திரும்பத் திரும்பப் போட்டால் வயிற்றில் இருக்கும் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை.

எந்த மருந்து

கால்நடை மருந்துக் கடையில் செம்மறிக்கு இன்று எளிதாகக் கிடைப்பவை இரண்டு குடும்பம். ஒன்று செயற்கைப் பைரித்ராய்டுகள்: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின். மற்றொன்று அமிட்ராஸ். மூன்றாவதான ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் ஆட்டுக் குளியலுக்குப் பயன்பட்டன. பிரிட்டனில் சொறிக்காகச் சட்டப்படி கட்டாயமாக இருந்த ஆட்டுக் குளியல் 1992இல் கைவிடப்பட்டது. அந்த மருந்தில் ஆண்டுக்கணக்காக நின்று வேலை செய்த விவசாயிகள் பலர் நரம்புக் கோளாறுகளைச் சொன்னார்கள். அங்கே இப்போது அதை வாங்கவே பயிற்சிச் சான்று வேண்டும். நம்மூரில் கையுறைகூட இல்லாமல் மருந்து கலக்கும் பழக்கத்தில் அந்தக் குடும்பத்தை ஆட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முன்பு கடைகளில் தாராளமாகக் கிடைத்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31இலிருந்து இந்தியாவில் தடை. தாத்தா காலத்தில் ஆட்டின் மேல் தேய்த்த பி.எச்.சி. பவுடருக்கு 1997இலேயே தடை வந்துவிட்டது. பரணில் பழைய டப்பா இருந்தாலும் எடுக்காதீர்கள்.

மிஞ்சிய இரண்டில், பைரித்ராய்டு ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஓரளவு சாந்தமானது. தோலில் பட்டால் முகம் குறுகுறுக்கும், எரியும், கழுவினால் சில மணி நேரத்தில் அடங்கும். பேன், கெட், உண்ணி, ஈ, தெள்ளு எல்லாவற்றுக்கும் கேட்கும். கம்பளியின் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு சில வாரம் நிற்கும். கம்பளி இல்லாத மேச்சேரியில் அவ்வளவு நாள் நிற்காது. அதன் பெரிய ஆபத்து தண்ணீரில். மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் மிகச் சிறிய அளவே எமன். பிரிட்டனில் சைபர்மெத்ரின் ஆட்டுக் குளியல் மருந்தை 2006இல் நிறுத்தியதற்கு ஓடைகளில் நடந்த இந்தச் சேதம்தான் காரணம்.

அமிட்ராஸ் உண்ணிக்கு நன்றாகக் கேட்கும். உண்ணியைக் கொல்லும் முன்பே அதன் பிடியைத் தளர்த்திவிடும், ஓரிரு நாளில் உதிரும். பேனுக்கும் உதவும். தெள்ளுப்பூச்சிக்குப் பயனில்லை. அளவு மிஞ்சினால் ஆடு தூங்கி வழியும், நடை தள்ளாடும், உடம்பு குளிர்ந்துபோகும். இளங்குட்டிக்கு அது தாங்காது. குதிரைக்கு அமிட்ராஸ் கூடவே கூடாது, குடல் இயக்கம் நின்றுவிடும். பட்டியில் மட்டக்குதிரை இருந்தால் அதன் பக்கத்தில்கூட இந்தக் கலவை வேண்டாம். மனிதருக்கும் வாயில் போனால் மயக்கமும் மந்தமான நாடித்துடிப்பும் வரும், இரத்தச் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர் இந்த மருந்தைக் கலக்காமல் இருப்பது நல்லது.

எனக்கு இரண்டில் அமிட்ராஸை எடுக்க ஒரு தனிக் காரணம் இருந்தது. நாலு வருடமாக டெல்டாமெத்ரின்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஆனியில் அடித்தபோது, ஐந்து ஆட்டுக்குக் கழுத்தில் பெயின்ட் அடையாளம் போட்டு, காதிலும் வாலடியிலும் இருந்த உண்ணியை எண்ணி எழுதி வைத்தேன். மொத்தம் 71. இரண்டு நாள் கழித்து 48 இருந்தது. அதில் பாதிக்கு மேல் நன்கு ஊதி, தொட்டால் கால் ஆட்டியது. கலந்ததும் நனைத்ததும் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே உண்ணி மருந்துக்குப் பழகிவிட்டது. இப்படி வரும்போது அளவை ஏற்றி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது உண்ணியை விட ஆட்டைத்தான் பாதிக்கும். குடும்பத்தை மாற்ற வேண்டும். டெல்டாமெத்ரினிலிருந்து சைபர்மெத்ரினுக்குப் போவது மாற்றமே இல்லை, இரண்டும் ஒரே குடும்பம்.

மச்சான் கதை வேறு. அவர் இரண்டு வருடமாக எதுவும் போடவில்லை, பிரச்சினை பேன். பைரித்ராய்டு அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் அவர் தொட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மீன் விட்ட பண்ணைக்குட்டை இருக்கிறது. ஆயிரம் லிட்டர் டெல்டாமெத்ரின் கலவையை அங்கே எங்கே கொட்டுவது? அமிட்ராஸும் மீனுக்கு நச்சுதான். ஆனால் பைரித்ராய்டின் கடுமை அதற்குக் கிடையாது, தண்ணீரில் நெடுநாள் நிற்பதும் இல்லை. அவருக்கும் அமிட்ராஸ் என்றே முடிவானது, என்னுடையதற்கு முற்றிலும் வேறான காரணத்தால்.

கலவைக் கணக்கு

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. பயிர் மருந்துக் கடையிலும் டெல்டாமெத்ரின் இருக்கிறது, சைபர்மெத்ரின் இருக்கிறது. பெயர் ஒன்றுதானே, விலை குறைவாயிற்றே என்று வாங்குகிறார்கள். கால்நடைக்கு வரும் டெல்டாமெத்ரின் பெரும்பாலும் 1.25 சதவீதம். பயிருக்கு வருவது 2.8 சதவீதம். சைபர்மெத்ரின் பயிருக்கு 10 சதவீதத்திலும் வரும், 25 சதவீதத்திலும் வரும். லிட்டருக்கு 2 மி.லி. என்ற பழைய அளவையே கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் 1.25 சதவீத மருந்தில் 25 பி.பி.எம். கிடைக்கும், 2.8 சதவீத மருந்தில் 56 வரும். செறிவு ஒரு பக்கம் இருக்க, பயிர் மருந்தைக் கரைத்திருக்கும் கரைப்பான் எண்ணெய் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஏற்றதல்ல. ஆகவே கணக்குப் போட்டுக் குறைத்தாலும் பயிர் மருந்து வேண்டாம்.

பி.பி.எம். என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் கலவையில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்பதுதான். பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் ஒரு மி.லி.யில் 125 மில்லிகிராம். உண்ணிக்கு வேண்டியது 250 பி.பி.எம். என்று லேபிள் சொன்னால் 250ஐ 125ஆல் வகுக்க, லிட்டருக்கு 2 மி.லி. 10 சதவீத சைபர்மெத்ரினில் 100 பி.பி.எம். வேண்டுமென்றால் லிட்டருக்கு 1 மி.லி. சொறிக்கு அளவு கூடும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் சில மருந்துகளில் அளவு வேறுபடும். ஆகவே எத்தனை பி.பி.எம். என்பதை லேபிளிலிருந்தோ கால்நடை மருத்துவரிடமிருந்தோ வாங்கிக்கொண்டு, இந்த வகுத்தலை நாமே போட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அடிக்காமல் கேட்க வேண்டும்.

என் 15 லிட்டர் டேங்குக்கு 30 மி.லி. வந்தது. அதை 20 மி.லி. சிரிஞ்சில் ஊசியை எடுத்துவிட்டு அளந்தேன். பாட்டில் மூடியில் அளப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: உங்கள் மூடியில் தண்ணீரை நிரப்பி ஒருமுறை சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள். நான் 5 மி.லி. என்று வருடக்கணக்கில் நம்பியிருந்த மூடி 8 மி.லி. பிடித்தது.

டேங்கில் பாதி தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர், நன்றாகக் குலுக்கல். சரியாகக் கலந்தால் பால் மாதிரி ஒரே வெண்மையாக இருக்கும். மேலே எண்ணெய்ப்படலம் மிதந்தாலோ தயிர் திரிந்தது போல இருந்தாலோ மருந்து பழையது, அல்லது தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கலவையில் முதல் ஆட்டுக்கு வெறும் தண்ணீரும் கடைசி ஆட்டுக்கு விஷமும் போகும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் ஆட்டுக்கு எடுக்காதீர்கள், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. மச்சானின் சிமென்ட் தொட்டிக்கு நீளம், அகலம் பார்த்துக் கொள்ளளவு போட முடியவில்லை, அடி சரிவு. 200 லிட்டர் டிரம்மால் ஏழரை டிரம் ஊற்றினோம், 1,500 லிட்டர். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டோம். லிட்டருக்கு 2 மி.லி. வீதம் 3 லிட்டர் மருந்து. ஒரு வாளியில் முன்கூட்டிக் கரைத்து, தொட்டி நெடுக ஊற்றி, நீண்ட கழியால் அடி முதல் மேல் வரை கலக்கினோம்.

கம்பளி ஆடு வெளியே வரும்போது தண்ணீரை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. மருந்து கம்பளியின் கொழுப்பில் ஒட்டிக்கொள்வதால், தண்ணீரை விட அதிக விகிதத்தில் மருந்து குறையும். சொட்டிய தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்போது மருந்து குறைந்தே திரும்பும். ஆகவே தண்ணீர் மட்டம் குறைந்த இடத்தில் அதே 2 மி.லி. கலவையை ஊற்றிக்கொண்டே போனால் தொட்டியின் வீரியம் ஆட்டுக்கு ஆடு இறங்கும். முதல் நூறு ஆட்டில் பேன் செத்து, கடைசி நூறில் பிழைத்துவிடும். பத்து நாளில் எல்லா ஆட்டிலும் மறுபடி பேன். இதற்காகத்தான் லேபிளில் நிரப்பு அளவு என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். அவருடைய பாட்டிலில் அது முதல் அளவைப் போல் ஒன்றரை மடங்கு. கோட்டிலிருந்து 100 லிட்டர் குறையும்போதெல்லாம் 100 லிட்டர் தண்ணீரும், 200க்குப் பதில் 300 மி.லி. மருந்தும் சேர்த்துக் கலக்கினோம். கிட்டத்தட்ட ஐம்பது ஆட்டுக்கு ஒருமுறை இது தேவைப்பட்டது. 229 ஆடு இறங்கி முடிய நான்கு முறை நிரப்பினோம், கூடுதலாக 1,200 மி.லி.

சாணமும் மண்ணும் சேர்ந்தால் மருந்து அழுக்கில் ஒட்டிச் செயலிழக்கும். கலவை சேறாகிவிட்டால் நிரப்புவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். முதல் நாள் கலவையை மறுநாளுக்கு வைப்பதும் தவறு. இரவில் கிருமி பெருகி, சின்னக் கீறல் வழியே கால் மூட்டுக்குள் போய், இரண்டு மூன்று நாளில் ஆடுகள் நொண்டும்.

அன்றைய காலை

ஒரு பிழையை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். பல வருடத்துக்கு முன், மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆடுகளை அப்படியே மருந்துக்கு நிறுத்தினேன். தாகத்தில் இருந்த ஒரு சினை ஆடு, நான் திரும்பிய நேரத்தில் கலவை வாளியில் வாயை வைத்து உறிஞ்சிவிட்டது. வாயில் நுரை தள்ளி, உடல் உதறி, மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வயிறாரத் தண்ணீர் காட்டாமல் பாட்டிலைத் திறப்பதில்லை.

காலை எட்டரைக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் முடியும். அந்தி சாய்வதற்குள் ஆடு காய்ந்துவிட வேண்டும். மேகம் திரண்டிருந்தால் தள்ளிப் போடுங்கள். மருந்துக்குப் பின் ஆடுகளைப் புல் இல்லாத, காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்துவேன். சொட்டிய புல்லை மேயக் கூடாது. பால் குடிக்கும் குட்டிகளைத் தாய் காயும்வரை படல் கட்டித் தனியாக வைப்பேன், மடியில் ஈரத்தோடு வாய் வைத்துவிடும். அவற்றுக்கு மருந்தே போடவில்லை. காதிலிருந்த உண்ணியைச் சின்ன இடுக்கியால் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன். விரலால் நசுக்காதீர்கள். 2011இல் குஜராத்தில் மனிதரைக் கொன்ற கிரிமியன்-காங்கோ காய்ச்சல் உண்ணி வழியாகவும் அதன் நசுக்கிய இரத்தம் வழியாகவும் பரவுவது.

கலக்குபவருக்கு ஆபத்து அதிகமான நேரம், பாட்டிலைத் திறந்து அளக்கும் அந்த இரண்டு நிமிடம். கையில் ரப்பர் கையுறை, துணிக் கையுறை அல்ல, துணி மருந்தை உறிஞ்சித் தோலிலேயே வைத்துக்கொள்ளும். முழுக்கை, முழங்கால் வரை பூட்ஸ், காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது. நடுவில் வெற்றிலையோ பீடியோ வேண்டாம். யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்தால் 108ஐக் கூப்பிட்டு, மருந்துப் பாட்டிலையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். எந்தக் குடும்பத்து மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.

விற்கப்போகும் கிடாய்களை முன்பே ஒதுக்கி விட்டேன். லேபிளில் இறைச்சிக்கு எத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறதோ அத்தனை நாள் அவை சந்தைக்குப் போகக் கூடாது.

மச்சானின் தொட்டியில் மிஞ்சிய 1,400 லிட்டரைக் கிணற்றுக்கும் குட்டைக்கும் எதிர்ச் சரிவில், ஆடு போகாத தரிசில், வாளி வாளியாகப் பரப்பி ஊற்றினோம். ஒரே இடத்தில் கவிழ்க்கவில்லை. அரை நாள் வேலை. தொட்டி முறையைத் தேர்ந்தெடுப்பவர் இந்த அரை நாளையும் இதற்கான நிலத்தையும் முன்பே கணக்கில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் அலுப்பில் அது ஓடைக்குத்தான் போகும்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்

அடையாளம் போட்ட அதே ஐந்து ஆட்டை மூன்றாம் நாள் பிடித்துப் பார்த்தேன். ஊதிய உண்ணி ஒன்றுகூட இல்லை. காய்ந்து சுருங்கியவை மூன்று தொங்கிக்கொண்டிருந்தன, விரல் பட்டதும் விழுந்தன. ஒன்பதாம் நாள் எள்ளளவில் தட்டையான புது உண்ணி ஏழு இருந்தது. இதைப் பார்த்து மருந்து தோற்றது என்று நினைக்கக் கூடாது. தட்டையாக இருந்தால் அது அப்போதுதான் புல்லிலிருந்து ஏறியது. மூன்றாம் நாளே ஊதி, உயிரோடு இருந்தால்தான் மருந்து தோற்றதாகப் பொருள். புதிதாக ஏறுவதற்கு மருந்து வீரியம் காரணமல்ல, இடம்தான் காரணம். அந்தக் கொரங்காட்டை விட்டு ஆடுகளை அடுத்ததற்கு மாற்றினேன். பட்டியின் கல்கட்டு இடுக்குகளை மண் குழைத்துப் பூசினேன். வேலியடிச் சருகைக் கூட்டி எரித்தேன். பதினைந்தாம் நாள் இரண்டாவது தெளிப்பு.

மச்சான் இரண்டாவது குளியலுக்குத் தயங்கினார். "ஒரசறது நின்னுடுச்சுங்க மாமா, இன்னொருக்கா 3 லிட்டர் மருந்து வேணுமுங்களா?" பதிமூன்றாம் நாள் பத்து ஆட்டைப் பிரித்துப் பார்த்தோம். எட்டில் ஒன்றுமில்லை. இரண்டில், தோலோடு ஒட்டி, தூசி மாதிரி புதிதாகப் பொரித்த பேன்கள் நகர்ந்தன. அவர் ஒன்றும் பேசாமல் டிரம்மை உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தினார்.